வைக்கோல் தின்று கன்றின் வயிறு வளராது

சந்தையில் கன்று பிடிக்க வருகிறவர் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் வயிற்றைப் பார்க்கிறார். வயிறு இருபக்கமும் பெருத்துக் கீழே தொங்கினால் அவருக்குத் திருப்தி. "பண்டி நல்லா விரிஞ்சிருக்கு, தீனி எடுத்துப் பழகுன கன்னு" என்கிறார். விற்கிறவரும் அதையே சொல்கிறார். பால் மாடு வைத்திருக்கும் ஊர்களில் கன்று வளர்ப்பு முழுவதும் இந்த ஒரு எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது: கன்றுக்கு வயிறு விரிய வேண்டும், விரிய வைப்பது வைக்கோல். இதிலிருந்து இன்னும் இரண்டு கருத்துகள் பிறந்திருக்கின்றன. பால் குடிக்கிற கன்றுக்குத் தண்ணீர் தேவையில்லை, காட்டினால் கழியும் என்பது ஒன்று. மூன்று மாதமோ நான்கு மாதமோ ஆனதும் பாலை நிறுத்திவிடலாம், வைக்கோல் தின்கிற கன்று பிழைத்துக்கொள்ளும் என்பது மற்றொன்று.

மூன்றும் தவறு. கலப்பினக் கன்றுகள் எலும்பும் தோலுமாய் வளர்ந்து, இரண்டரை வயதிலும் சினைக்கு வராமல் நிற்பதற்கு இந்த மூன்றும் பெரிய காரணம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பிறந்த கன்றுக்கும் நான்கு வயிறு உண்டு. ஆனால் வேலை செய்வது நான்காவது மட்டும்தான். மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ 60 சதவீதம் அதற்கே; பின்னாளில் தீவனத்தை நொதிக்க வைக்கப்போகும் முதல் வயிறு கால்வாசிதான் இருக்கும். வளர்ந்த மாட்டில் இது தலைகீழாகி, முதல் வயிறு மட்டுமே 80 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. கன்று ஊட்டும்போதும், பாலை வாளியில் குடிக்கும்போதும் உணவுக்குழாயின் முனையில் உள்ள ஒரு மடிப்பு சுருண்டு குழாய் போலாகிறது. பால் முதல் வயிற்றில் இறங்காமல் அதன் வழியே நேராக நான்காம் வயிற்றுக்குப் போய்விடுகிறது. அதனால் எத்தனை லிட்டர் பால் குடித்தாலும் முதல் வயிற்றுக்கு அதில் ஒரு பங்கும் கிடைப்பதில்லை. பால் மட்டுமே குடித்து வளரும் கன்று கொழுகொழுவென்று இருக்கலாம், ஆனால் அதன் முதல் வயிறு பிறந்த நிலையிலேயே நின்றுவிடும்.

அப்படியானால் வைக்கோல் அங்கே போகிறதே என்று கேட்பார்கள். போகிறது, உண்மைதான். வைக்கோலின் பருமன் முதல் வயிற்றின் கொள்ளளவைக் கூட்டுவதும், அதன் சதைச் சுவருக்கு வேலை கொடுப்பதும் உண்மைதான். அதோடு சரி. மாட்டுக்குச் சத்தைக் கொடுப்பது வயிற்றின் கொள்ளளவு அல்ல, அதன் உட்சுவர். அந்தச் சுவரில் துருக்கித் துண்டின் நூல்கள் போல நெருக்கமாக முளைகள் கிளம்ப வேண்டும். தீவனம் நொதித்து உண்டாகும் அமிலங்களை உறிஞ்சி ரத்தத்தில் சேர்ப்பவை இந்த முளைகளே. இவை இல்லாத முதல் வயிறு தீனி தேங்கிக் கிடக்கும் பைதான்.

இந்த முளைகளைக் கிளப்புவது எது என்பதை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஃபிளாட், வார்னர், லூஸ்லி ஆகியோர் 1950களிலேயே சோதித்துப் பார்த்தார்கள். கன்றுகளின் முதல் வயிற்றுக்குள் பிளாஸ்டிக் பஞ்சுகளை வைத்தார்கள். செரிக்காது, நொதிக்காது, வெறும் பருமன். வயிறு பெரிதானது, முளைகள் வளரவில்லை. நொதித்தலில் உண்டாகும் அமிலங்களின் உப்புகளை உள்ளே செலுத்தியபோது முளைகள் கிளம்பின. அந்த அமிலங்களில் பியூட்டிரிக் அமிலமே அதிகம் தூண்டுகிறது, அடுத்தது புரோப்பியானிக் அமிலம். இவ்விரண்டும் தானியத்தின் மாவுச்சத்து நொதிக்கும்போது நிறைய உண்டாகின்றன. நார் நொதிக்கும்போது அதிகம் உண்டாவது அசிட்டிக் அமிலம். முளைகளை அது அவ்வளவாகத் தூண்டுவதில்லை. நெல் வைக்கோலிலோ அந்த நொதித்தலும் மிக மெதுவாக நடக்கிறது. ஒரு மாதக் கன்றின் வயிற்றில் நாரை உடைக்கும் நுண்ணுயிர்களும் போதிய அளவில் இல்லை. தின்ற வைக்கோல் செரிக்காமல் நாள்கணக்கில் தேங்குகிறது. வயிறு நிறைந்திருப்பதால் கன்று வேறெதையும் தின்னாது.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் வெளியிட்ட படங்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஆறு வாரக் கன்றுகளின் முதல் வயிற்றை விரித்து எடுத்த படங்கள் அவை. பால் மட்டும் குடித்த கன்றின் வயிறு சிறியது, வெளிறியது, வழவழப்பானது. பாலும் உலர்புல்லும் தின்றதன் வயிறு பெரியது, ஆனால் உட்சுவர் ஏறக்குறைய மொட்டை. பாலும் தானியக் கலவையும் தின்றதன் உட்சுவர் கருத்துத் தடித்து, முளைகள் அடர்ந்து கிடக்கிறது. நம் சந்தையில் "விரிந்த வயிறு" என்று விலை கூடுவது நடுப்படத்தில் இருக்கும் வயிற்றுக்கு.

உயிருள்ள கன்றிலும் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்துவிடலாம். பின்னால் நின்று பாருங்கள். வைக்கோல் வயிறு அடிப்பக்கமாகச் சரிந்து இருபுறமும் தொங்கும். மேலே முதுகெலும்பு கூராகத் துருத்தி நிற்கும், இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் குழி விழுந்திருக்கும், ரோமம் மங்கிச் சிலிர்த்துக் கிடக்கும். முறையாக வளர்ந்த கன்றுக்கு இடப்பக்க விலா சற்று நிறைந்திருக்கும், முதுகின் மேல் சதை மூடியிருக்கும், ரோமம் படிந்து பளபளக்கும். தொங்கும் வயிற்றுக்குக் குடற்புழுவும் காரணமாக இருக்கலாம். ஆகவே சாணப் பரிசோதனையும் புழு மருந்தும் முதலில் முடியட்டும். புழு போன பிறகும் வயிறு தொங்கினால் தீனியைத்தான் பார்க்க வேண்டும்.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. தாத்தா காலத்தில் யாரும் தானியக் கலவை அரைத்துக் கன்றுக்கு வைக்கவில்லையே, காங்கேயம் கன்றுகள் திமிலோடு வளரவில்லையா என்பது. வளர்ந்தன. ஆனால் அந்தக் கன்று மாதக்கணக்கில் தாயிடம் ஊட்டியது. தாயோடு மேய்ச்சலுக்குப் போய் இளம்புல்லைக் கடித்தது, குட்டையில் இறங்கித் தண்ணீர் குடித்தது. முதல் வயிறு மெதுவாக வளர்ந்தாலும் அதுவரை பால் அதைத் தாங்கியது. இன்றைய கலப்பினப் பசுவின் பால் காலையும் மாலையும் சொசைட்டிக்குப் போகிறது. சுரப்பு விடுவதற்காகக் கன்றை ஒரு நிமிடம் ஊட்ட விட்டுப் பிடித்துக் கட்டுகிறோம், கறந்து முடித்து மிச்சத்தை விடுகிறோம். கன்று எவ்வளவு குடித்தது என்பது யாருக்கும் தெரியாது. பாலை இப்படிக் குறைத்துவிட்டு, தீனியில் மட்டும் பழைய வழியைப் பிடித்துக்கொண்டால் பழைய கன்று கிடைக்காது.

இனி தண்ணீர். "பாலே தண்ணிதானே" என்ற வாதத்தைப் படித்தவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான். ஆனால் அந்தப் பால் எந்த வழியாக எங்கே போகிறது என்று மேலே பார்த்தோம். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டும் முதல் வயிற்றை நனைப்பதில்லை. தனியாகக் குடிக்கும் தண்ணீர்தான் முதல் வயிற்றில் இறங்குகிறது. நுண்ணுயிர்கள் ஈரத்தில்தான் பெருகும். உலர்ந்த தானியம் தண்ணீரில் ஊறினால்தான் நொதிக்கும். தண்ணீர் காட்டாமல் தானியக் கலவை மட்டும் வைத்துவிட்டு, கன்று வாய் வைக்கவில்லை என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

1984இல் கெர்ட்ஸும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு இதற்குக் கணக்கே கொடுக்கிறது. பாலோடு தண்ணீரும் தாராளமாகக் கிடைத்த கன்றுகளோடு ஒப்பிட்டால், தண்ணீர் கிடைக்காத கன்றுகள் முதல் நான்கு வாரத்தில் தானியக் கலவையை 31 சதவீதம் குறைவாகத் தின்றன; எடை கூடியது 38 சதவீதம் குறைவு. பால் இரு தரப்புக்கும் உண்டு. வேறுபாடு ஒரு வாளித் தண்ணீர் மட்டுமே.

தண்ணீர் காட்டினால் கழியும் என்ற பயம் எங்கிருந்து வந்தது? முதல் மூன்று வாரக் கழிச்சல் பெரும்பாலும் கிருமியால் வருவது. சீம்பால் நேரத்துக்குக் கிடைக்காததும், கழுவாத வாளியும், ஈரத்தரையும் அதற்கு வழி திறக்கின்றன. கழிகிற கன்று உடலின் நீரை இழக்கிறது, அதனால் தாகத்தில் நிறையக் குடிக்கிறது. பார்க்கிறவர் குடித்ததால் கழிகிறது என்று காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டுக்கொண்டு, தண்ணீரை நிறுத்துகிறார். கழிகிற கன்றுக்கு அதைவிடப் பெரிய கெடுதல் செய்ய முடியாது.

ஆனால் இந்தப் பயத்துக்கு ஒரு நிஜமான அடிப்படையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஒரு மாதம் தண்ணீரே காட்டாமல் வைத்திருந்த கன்றுக்கு ஒருநாள் நிறைந்த தொட்டி கிடைத்தால் அது வயிறு முட்டக் குடிக்கும். ரத்தம் திடீரென நீர்த்துப்போய்ச் சிவப்பணுக்கள் உடையும்; சிறுநீர் சிவப்பாகப் போகும், கன்று தள்ளாடும், சில செத்தும் போகும். இதை ஒருமுறை பார்த்த வீட்டில் மூன்று தலைமுறைக்குக் கன்றுக்குத் தண்ணீர் காட்ட மாட்டார்கள். அந்தக் கேட்டுக்குக் காரணம் அதுவரை தண்ணீர் காட்டாததுதான். பிறந்த நாலாம் நாளிலிருந்து சுத்தமான தண்ணீர் எந்நேரமும் எதிரில் இருக்கும் கன்று ஒருபோதும் அப்படிக் குடிக்காது. ஏற்கெனவே தாகத்தில் விட்டுவிட்ட கன்று என்றால், இரண்டு நாளைக்கு அரை லிட்டர், அரை லிட்டராகப் பலமுறை கொடுத்துவிட்டுப் பிறகு தாராளமாக வையுங்கள்.

கழுநீர் கொடுக்கிறோமே என்பார்கள். தவிடும் புண்ணாக்கும் கரைத்த கழுநீர் தண்ணீருக்கு மாற்றல்ல, தானியக் கலவைக்கும் மாற்றல்ல. நம் வெயிலில் அது சில மணி நேரத்தில் புளித்து ஈ மொய்க்கும். கன்றுக்குத் தீனி உலர்ந்ததாகவும் தண்ணீர் தெளிந்ததாகவும் இருக்க வேண்டும். இரண்டு பாத்திரமும் ஒன்றுக்கொன்று எட்டத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் இருந்தால் நனைந்த வாயோடு தீனியிலும், தீனி ஒட்டிய வாயோடு தண்ணீரிலும் மாறி மாறி வைத்து இரண்டையும் கெடுத்துவிடும்.

தானியக் கலவையை வீட்டிலேயே செய்யலாம். நூறு கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் 50, நல்ல சோயா அல்லது கடலைப் புண்ணாக்கு 30, கோதுமைத் தவிடு 12, வெல்லப்பாகு 5, தாது உப்புக் கலவை 2, சாதாரண உப்பு 1. இதில் புரதம் 19 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை நச்சு கன்றை வாட்டும். மக்கிய வாடை வந்தால் தொடாதீர்கள். மக்காச்சோளத்தை மாவாக அரைக்கவே கூடாது, ரவையைவிடப் பெரிய நொய்யாக உடைந்தால் போதும். மாவு மூக்கில் ஏறும், வாயில் களியாக ஒட்டும், வயிற்றில் சட்டென்று நொதித்து அமிலத்தைக் கூட்டி முளைகளையே ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும். கறவை மாட்டுத் தீவனத்தை அள்ளிக் கன்றுக்கு வைப்பது இதைவிடப் பெரிய தவறு. சில கறவைத் தீவனங்களில் யூரியா சேர்ப்பதுண்டு, முதல் வயிறு தயாராகாத கன்றுக்கு அது நஞ்சு.

ஒரு கன்றை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜெர்சி கலப்பினக் கிடேரி, பிறந்தபோது 24 கிலோ. சீம்பால் முதல் மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டது. முதல் வாரம் நாளுக்கு 3 லிட்டர் பால், இரண்டாம் வாரத்திலிருந்து ஐந்தாம் வாரம் முடிய 4 லிட்டர், காலையும் மாலையுமாக, அளந்து. பாலைக் குறைத்துப் பசியோடு வைத்தால் கன்று சீக்கிரம் தானியத்துக்கு வரும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. முதல் மூன்று வாரத்தில் கன்றால் தானியத்தைச் சரியாகச் செரிக்க முடியாது; அப்போது பாலைக் குறைப்பது பட்டினி போடுவதுதான்.

ஐந்தாம் நாளில் ஒரு கைப்பிடி கலவை பாத்திரத்தில் விழுகிறது. பால் குடித்து முடித்ததும் நாக்கைச் சுழற்றிக்கொண்டு நிற்கும் அந்த நேரத்தில் இரண்டு விரலில் கொஞ்சம் எடுத்து உதட்டுக்குள் தடவிவிட வேண்டும். பாதியைத் துப்பும், பாதியை நக்கும். மறுநாள் காலை மிச்சத்தைத் தாய்மாட்டுக்குப் போட்டுவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். எச்சில் பட்டுப் புளித்ததைக் கன்று மோந்துவிட்டு ஒதுக்கிவிடும். இரண்டாம் வாரத்தில் நாளுக்கு 50 கிராம் தின்னும், மூன்றாம் வாரத்தில் 100, நான்காம் வாரத்தில் 200. இந்தக் கட்டத்தில் அசை போடுவதையும் பார்க்கலாம். ஐந்தாம் வாரத்தில் 350 கிராமைத் தாண்டி அரைக்கிலோவை நெருங்கும். தின்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 4 லிட்டர் தண்ணீர் வேண்டும், சித்திரை வெயிலில் இன்னும் கூடும். தானியம் 200 கிராமில் இருக்கும்போது ஒரு லிட்டர் தண்ணீரே போதும் என்று தோன்றும். ஆனாலும் வாளி எப்போதும் வற்றக் கூடாது.

அரைக்கிலோ ஆனதும் பாலைக் குறைக்கலாம். ஆறாம் வாரம் 3 லிட்டர், ஏழாம் வாரம் 2, எட்டாம் வாரம் 1. ஒவ்வொரு முறை பால் குறையும்போதும் மூன்று நாலு நாளுக்குள் தானியம் கூட வேண்டும். கூடினால் அடுத்த படிக்குப் போகலாம், கூடவில்லை என்றால் அதே அளவு பாலில் நிறுத்திக் காரணம் தேட வேண்டும். தொடர்ந்து மூன்று நாள், நாளுக்கு 900 கிராமுக்குக் குறையாமல் தின்றால் பாலை முழுவதும் மறக்கடிக்கலாம். அப்போது கன்றின் எடை பிறந்ததைப் போல இரண்டு மடங்கை ஒட்டி இருக்கும்.

இங்கேதான் மூன்றாவது கருத்து உடைகிறது. பாலை மறக்கடிக்கும் நாளைத் தீர்மானிப்பது நாட்காட்டி அல்ல. ஒரு கன்று ஐம்பதாம் நாளில் 900 கிராமைத் தொடும், இன்னொன்று எழுபதாம் நாளில் தொடும். நான்கு மாதம் ஊட்டிய கன்றாக இருந்தாலும் தானியம் தின்னாமல் வைக்கோலை மென்றுகொண்டிருந்தால் அது பால் நிறுத்தத் தயாரான கன்றல்ல. அதற்குப் பாலை நிறுத்தினால் இரண்டு வாரத்தில் முதுகு கூராகிவிடும், மண் தின்னும், பக்கத்துக் கன்றின் தொப்புளைச் சப்பும், மழைச்சளி வந்தால் நுரையீரலில் இறங்கும். மண் தின்கிறதே என்று வாய்க்கூடையைக் கட்டிவிட்டால் தின்ன நினைத்த தீனியையும் தின்ன முடியாது.

இதெல்லாம் பணக்காரப் பண்ணைக்கு, எங்களால் ஆகுமா என்பது கடைசி வாதம். மேலே சொன்ன கன்று எட்டு வாரத்தில் குடித்தது மொத்தம் 175 லிட்டர் பால், தின்றது சுமார் 20 கிலோ கலவை. வழக்கமான முறையில் நாலு மாதம், நாளுக்கு 2 லிட்டர் என்று ஊட்ட விட்டால் 240 லிட்டர். மிச்சம் 65 லிட்டர். பால் லிட்டர் 35 ரூபாய், கலவையும் கிலோ 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பாலில் மிஞ்சுவது 2,275 ரூபாய், கலவைக்குப் போவது 700. முன்னால் நாளுக்கு 4 லிட்டர் கொடுப்பது கண்ணில் பட்டு உறுத்துகிறது. நாலு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் போவது உறுத்துவதில்லை, அவ்வளவுதான்.

உலர்புல்லே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்பெயினில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில், நறுக்கிய ஓட்ஸ் உலர்புல்லைத் தனியாக வைத்தபோது கன்றுகள் தானியக் கலவையைக் கூடுதலாகவே தின்றன. ஆனால் அதே ஆய்வில் குதிரைமசால் உலர்புல் அப்படிச் செய்யவில்லை. கொஞ்சம் நார் அமிலத்தைத் தணிக்கிறது, முளைகளைச் சுத்தமாக வைக்கிறது. ஒரு மாதம் கடந்த கன்றுக்குச் சிறிய கைப்பிடி நறுக்கிய சோளத்தட்டையோ உலர்ந்த இளம்புல்லோ வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. வைக்கோல் கற்றையைக் கன்றுக்கு முன்னால் தொங்கவிட்டு, அதையே தீனி என்று நம்புவதைத்தான் மறுக்கிறேன்.

கன்று தானியத்தில் வாய் வைக்கவில்லை என்றால் முதலில் தண்ணீர் வாளியைப் பாருங்கள்: வற்றியிருக்கிறதா, பாசி படிந்திருக்கிறதா, வெயிலில் கொதிக்கிறதா. அடுத்து கலவையைக் கையில் எடுத்து மோந்து பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் காய்ச்சலும் புழுவும் பார்க்க வேண்டும். அளவுக்குத் தராசு வேண்டியதில்லை. ஒரு டப்பாவில் எத்தனை கிராம் கொள்கிறது என்று ஒரு தடவை கடையில் எடை போட்டுக் கோடு கிழித்து வைத்துக்கொண்டால் போதும். வைத்ததிலிருந்து மிச்சத்தைக் கழித்தால் தின்றது தெரிந்துவிடும். பாலை நிறுத்திய பிறகு இரண்டு வாரத்துக்குக் கட்டும் இடத்தையும், கலவையையும், கூட நிற்கும் கன்றையும் மாற்ற வேண்டாம். புழு மருந்தும் தடுப்பூசியும் கொம்பு சுடுவதும் அந்த இரண்டு வாரத்துக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கட்டும். தானியம் நாளுக்கு ஒன்றரைக் கிலோவை எட்டிய பிறகு பசும்புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம், வைக்கோலின் முறை அதற்கும் பிறகு.